சேலைக்குள் தெர்மல் லெகிங்ஸ்: விடியப் போட்டு, முதல் பாடத்துக்கு முன் கழற்றும் முறை

மார்கழியும் தையும் வன்னியில் விடியற்காலை 20 பாகைக்குக் கொஞ்சம் மேலே கீழே நிற்கும். முற்றத்தில் நின்றால் அது பெரிய குளிர் இல்லை. அதே சேலையோடு ஸ்கூட்டியில் ஏறி முரசுமோட்டையிலிருந்து விசுவமடுப் பக்கம் அரை மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காலபோக வயல், பனி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். காற்று சேலைக்கரைக்குக் கீழாலே நுழைந்து முழங்கால்வரை ஏறிவிடும். சேலைக்கும் காலுக்கும் இடையில் இருக்கிற சூடான காற்றை அது ஒவ்வொரு நொடியும் வெளியே தள்ளிவிடுவதால், சேலை எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாலும் முழங்கால் விறைத்துப் போகும். தோலோடு ஒட்டி நிற்கும் ஒரு மெல்லிய துணி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெர்மல் லெகிங்ஸ் செய்யும் வேலை அவ்வளவுதான். இதற்குத் தடித்த துணி தேவையில்லை.

ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். மத்தியானம் 28, 29 பாகை. ஆகவே இங்கே லெகிங்ஸ் போடுவதைப் பழகுமுன் கழற்றுவதைப் பழக வேண்டும். சேலையைக் குலைக்காமல் இரண்டு நிமிடத்தில் கழற்ற முடியாவிட்டால் அது நமக்கு உதவாது. துணியின் தடிப்பு, இடுப்புப் பட்டி, கால் முனை எல்லாவற்றையும் இந்த ஒரு தேவையை வைத்துத்தான் தெரிவு செய்கிறேன்.

எனக்கு இது விளங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பொதியில், உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்ற லெகிங்ஸ் ஒன்று வந்திருந்தது. பட்டி தொப்புளுக்கு மேலே வரும். அதைப் போட்டு, அதன் மேல் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, சேலை உடுத்துப் போனேன். வழியில் சுகமாகத்தான் இருந்தது. காலைக் கூட்டம் முடியுமுன் தொடையெல்லாம் வியர்த்து நனைந்துவிட்டது. கழற்றலாம் என்று போனால், பட்டி நாடாவுக்கு அடியில் அகப்பட்டுக் கிடக்கிறது. நாடாவை அவிழ்த்தால்தான் பட்டி வரும், நாடாவை அவிழ்த்தால் கொய்யகம் முழுக்கக் கையோடு வந்துவிடும். மலசலகூடத்துக்குப் போகவும் அதே சிக்கல். அன்று பள்ளிக்கூடம் விடும்வரை அப்படியே இருந்தேன், இரவு இடுப்பைச் சுற்றி வேர்க்குரு போட்டிருந்தது.

முதலில் துணி

வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளில் லைட்வெயிட், மிட்வெயிட், ஹெவிவெயிட் என்று போட்டிருந்தால் லைட்வெயிட்டை எடுங்கள். உறவினர்களிடம் கேட்கும்போதும் இதையே சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பனியை நினைத்துத்தான் வாங்குவார்கள். உள்பக்கம் சடை மாதிரி இருக்கும் ஃபிளீஸ் வகை இங்கே வேண்டாம்.

பெயர் எதுவும் போடாமல் கடையில் தொங்குவதை எப்படி அறிவது? நிறுத்துப் பாருங்கள். நடுத்தர அளவு லெகிங்ஸ் ஒன்று சமையலறைத் தராசில் 150 கிராமுக்குள் நின்றால் சேலைக்குள் மொத்தம் தெரியாது. 250 கிராமைத் தாண்டினால் இடுப்பிலும் முழங்காலிலும் கட்டாயம் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து லேபிளைப் பாருங்கள். தனிப் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் ஈரமாக நிற்கும். ஈரத் துணியில் காற்றுப் பட்டால் குளிர் கூடும். பொலியெஸ்டரோடு கொஞ்சம் எலாஸ்டேன் கலந்தது கெதியாகக் காயும், காலோடு ஒட்டி நிற்கும். தையல் மடிப்பு உள்ளே புடைத்து நிற்காமல் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். தொடைக்கு உள்பக்கத் தையலை விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

வெள்ளைச் சேலைக்கு வெள்ளை லெகிங்ஸ் போடாதீர்கள், வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்குக் கிட்டிய நிறம் எந்தச் சேலைக்கும் பொருந்தும்.

பிறகு அளவு

இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் நிற்க வேண்டும், அதற்கு மேலே ஏறக்கூடாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று உள்பாவாடை நாடாவை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டுங்கள். நாடாவுக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் வைக்க இடம் இருந்தால் அதுதான் உங்கள் அளவு. பட்டி மேலே, நாடா கீழே என்றால் கழற்ற முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் என்றால் கழற்றவும் முடியாது, வயிற்றைச் சுற்றி வளையம் போலப் புடைத்தும் தெரியும். உயர்ந்த பட்டியை மடித்துவிட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மடித்த இடம் இரட்டைத் தடிப்பாகும்.

அதைப் போட்டபடியே ஒருமுறை குந்தி எழும்புங்கள். பின்முழங்காலில் சுருக்கம் விழுந்தால் பெரிது. கெண்டைக்காலில் கிள்ளி இழுக்கும்போது ஒரு சென்ரிமீற்றராவது மேலே வராவிட்டால் இறுக்கம். இறுகினால் சூடு கூடும் என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. துணி அளவுக்கு மிஞ்சி விரிந்தால் மெலிந்து, காற்றைப் பிடிக்கும் தன்மை குறைந்துபோகும். கழற்றிய பிறகு காலில் நெடுநேரம் தடம் நின்றாலும் ஒரு அளவு கூட்டி எடுங்கள்.

நீளம் கணுக்கால் மொழிக்கு மூன்று விரல் மேலே நின்றால் போதும். கால் எடுத்து வைக்கும்போது சேலைக்கரைக்குக் கீழே தெரியாது. எங்களில் பலருக்குக் கடையில் வாங்குவது நீளமாகத்தான் இருக்கும். மிச்சத்தைக் கணுக்காலில் சுருட்டி விடாமல் வெட்டித் தைப்பியுங்கள். தையல்கடையில் ஸிக்ஸாக் தையல் போடச் சொல்ல வேண்டும். நேர்த்தையல் போட்டால் குதியில் இழுக்கும் முதல் நாளே நூல் அறுந்துவிடும்.

உடுக்கும் ஒழுங்கு

அடுப்பு வேலை முடிந்த பிறகே போடுங்கள். விறகடுப்பில் புட்டு அவித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பொலியெஸ்டர் நெருப்புப் பட்டால் பருத்தி மாதிரிக் கருகி உதிராது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முற்றத்தில் குப்பை கொளுத்திக் குளிர் காயும்போதும் அதே கவனம் வேண்டும்.

குளித்தவுடன் காலை நன்றாகத் துடைத்துவிட்டு லெகிங்ஸ் போடுங்கள். இரண்டு காலும் ஏற்றியபின், கணுக்காலிலிருந்து தொடைவரை உள்ளங்கையால் நீவி முறுக்கு எடுங்கள். தையல் நேராக நிற்கட்டும். அதன் மேல் பருத்தி உள்பாவாடை. இது முக்கியம். வழுக்கும் லெகிங்ஸுக்கு மேல் வழுக்கும் உள்பாவாடை போட்டால் நடக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று மேலே இழுக்கும், சேலை காலுக்கிடையில் அகப்படும். பருத்தி நடுவில் இருந்தால் சேலை தனியே, லெகிங்ஸ் தனியே நிற்கும். நாடா கயிறு மாதிரி இல்லாமல் தட்டையான பட்டையாக இருந்தால் நல்லது.

கொய்யகத்தை உள்பாவாடைக்குள் மட்டும் செருகுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் அவசரத்தில் லெகிங்ஸ் பட்டிக்குள்ளும் சேர்த்துச் செருகிவிடுகிறார்கள். அப்போது பட்டி பாரத்தில் கீழே இறங்க, முன்பக்கம் தொய்ந்து கரை நிலத்தில் இழுபடும். செருகியபின் உள்பாவாடை விளிம்போடு சேர்த்து ஒரு பின் குத்துங்கள், லெகிங்ஸ் அதில் மாட்டவில்லை என்று விரல் விட்டுப் பாருங்கள்.

கழற்றும் விதம்

வீட்டில் இரண்டு மூன்று தடவை பழகிவிட்டுத்தான் வெளியே போங்கள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு, கதிரையில் பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். சேலையையும் உள்பாவாடையையும் ஒன்றாகப் பிடித்துத் தொடைவரை தூக்கி முழங்கையால் இடுப்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெருவிரலையும் இடுப்பின் பக்கவாட்டில் பட்டிக்குள் விட்டு, பட்டியைச் சுருட்டியபடியே முழங்கால்வரை இறக்குங்கள். முன்பக்கத்தில் கை வைக்க வேண்டாம், கொய்யகம் அங்கேதான் இருக்கிறது. முழங்காலுக்கு வந்ததும் சேலையை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்து, ஒவ்வொரு காலாகக் குதியால் உருவுங்கள். குதியில் சிக்கினால் கால் முனை ஒடுக்கம். அடுத்த முறை தைப்பிக்கும்போது சொல்லுங்கள். எழும்பிக் கொய்யகத்தை ஒருமுறை நீவினால் சரி.

உருவியதை ஒரு துணிப் பையில் வையுங்கள். பொலித்தீன் பைக்குள் போட்டால் லேசான வியர்வைக்கே பின்னேரம் மணக்கும்.

சல்வாருக்கும் ரவுசருக்கும்

சல்வார் அகலமானது என்பதால் அதற்குள் எதுவும் தெரியாது. நாடாவுக்குக் கீழே பட்டி நிற்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் அதே. ஒடுங்கிய சுடிதார் வேறு விதம். அதன் கணுக்கால் சுருக்கங்களுக்குள் லெகிங்ஸ் முனையும் சேர்ந்தால் கட்டுப் போட்டது மாதிரி இருக்கும். கெண்டைக்கால் நடுவோடு முடியும் குட்டை லெகிங்ஸ் போட்டு, கீழே காலுறை போடுங்கள்.

ரவுசரைக் கண்ணாடிக்கு முன் நின்று சரி பார்க்காமல் ஸ்கூட்டியில் இருந்து பாருங்கள். இருக்கும்போது தொடையில் கிள்ளினால் ரவுசர் துணி மட்டும் தனியே கையில் வரவேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த ரவுசர் தெர்மலுக்கு ஏற்றதல்ல. விடிய பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ரவுசரோடு கழற்றுவது கஷ்டம், முழுதாகக் களைய வேண்டும். பஸ்ஸுக்குள் காற்றும் குறைவு என்பதால் அவர்களுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடியும் குட்டை வகையே போதும்.

தோய்ப்பது

ஒவ்வொரு முறை போட்ட பிறகும் தோய்க்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், சாதாரண சவர்க்காரத்தால். வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி வேண்டாம், அது இழையில் படிந்து வியர்வையை வெளியே விடாமல் தடுக்கும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கிப் பிழிந்து நிழலில் போடுங்கள். இஸ்திரிக்கை படவே கூடாது, எலாஸ்டேன் செத்துப் பட்டி தளர்ந்துவிடும். மார்கழித் தூறலில் ஒரே நாளில் காயாமல் போகலாம் என்பதால் இரண்டு சோடி வைத்திருக்கிறேன். ஒன்று கொடியில், மற்றது காலில்.