மூன்றாம் வகுப்புப் பைக்கு ஒரு பட்டியல்

டைம்டேபிளைச் சுவரில் ஒட்டியும் பை சரியாகவில்லை. அதில் ‘கணக்கு’ என்று மட்டும்தான் இருக்கும். குழந்தை புத்தகத்தை வைத்துவிட்டு நோட்டை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாடவேளையையும் பொருளாக மாற்றினேன். கணக்கு என்றால் புத்தகம், கட்டம் போட்ட நோட்டு, ஸ்கேல்.

பிறகு முந்தைய நாளோடு ஒப்பிட்டு, நாளுக்கு ஓர் அட்டை, அதில் இரண்டே வரி. செவ்வாய்க்கு ‘வெளியே’: ஓவிய நோட்டு, கிரேயான். ‘உள்ளே’: அறிவியல் புத்தகம், நோட்டு. ‘வெளியே’ வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வெள்ளிக்குள் பை கனத்துவிடும். 2020 பள்ளிப்பைக் கொள்கைப்படி 3 முதல் 5-ஆம் வகுப்புவரை 2.5 கிலோதான் உச்சம்.

நடுவில் திங்கள் விடுமுறை வந்தால் இந்த முறை பிசகும். அப்போது திங்கள் அட்டையை முதலில் முடித்துவிட்டு, பிறகே செவ்வாய் அட்டையைப் பார்க்க வேண்டும். திருத்தக் கொடுத்த நோட்டு பள்ளியிலேயே இருந்தால் அதன் பெயர்மேல் துணி கிளிப் மாட்டிவிடுவோம். இரவில் தேட வேண்டியதில்லை.