ஜிஎஸ்டி கோர்ஸ் முடிந்ததும் பேட்ச் குரூப் ஏன் தூங்கிப்போகிறது?

இரண்டு மாத ஜிஎஸ்டி, டேலி கோர்ஸ் முடிந்ததும் பலரும் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குரூப்பையே நம்பிக் கலைந்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். அந்தக் குரூப் மையத்துடையது. அடுத்த பேட்ச் சேர்க்கை தொடங்கியதும் அது விளம்பரப் பலகையாகிவிடும். அட்மின் மட்டும் பேசும்படி மாற்றிவிட்டால் கதை முடிந்தது. கடைசி வகுப்புக்குள் நீங்களே தனிக் குரூப் தொடங்கி, மூன்று பேரையாவது அட்மின் ஆக்கிவிடுங்கள். எண்ணைச் சேமிக்கும்போது வெறும் ‘குமார்’ போதாது. ‘குமார் ஈரோடு ஜவுளி’ என்று போடுங்கள். பெயர் மறந்தாலும் ஊரையோ தொழிலையோ வைத்துத் தேடலாம்.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். “ஃப்ரெண்ட்ஸ், ஒரு நோட்டீஸ் டவுட், யாராவது கால் பண்ணுங்க” என்று போட்டால் யாரும் வரமாட்டார்கள். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாத வேலைக்கு யார் கை தூக்குவார்? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “மளிகை மொத்த வியாபாரி. ASMT-10 வந்திருக்கிறது. GSTR-3B-இல் எடுத்த ஐடிசி, GSTR-2B-இல் இருப்பதைவிட அதிகம். இரண்டு சப்ளையர்கள் GSTR-1 தாமதமாகப் போட்டிருக்கிறார்கள். ASMT-11-இல் பதில் கொடுக்க இன்னும் 12 நாள் இருக்கிறது. இதற்கு என்னென்ன ஆவணம் இணைத்தீர்கள்?” இதே சிக்கலைப் பார்த்தவர் பஸ்ஸில் போகும்போதே பதில் தட்டிவிடுவார். நோட்டீஸை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். கிளையன்ட்டின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் வெளியே போனால், அவர் உங்கள் கையைவிட்டுப் போய்விடுவார்.

குரூப்பைக் கொல்வதில் குட்மார்னிங் படங்களைவிட மோசமான ஒன்று உண்டு: பதில் வாங்கியவர் காணாமல் போவது. ‘தேங்க்யூ’ போதாது. என்ன இணைத்தீர்கள், அதிகாரி ஏற்றாரா, மேலும் என்ன கேட்டார் என்று நாலு வரி எழுதுங்கள். உதவியவருக்குத் தன் யோசனை பலித்ததா என்று தெரிய வேண்டாமா? அடுத்த முறையும் வாய் திறப்பார். மற்றவர்களுக்கோ, ‘ASMT’ என்று தேடினால் கிடைக்கும் குறிப்பாக அது நிற்கும். ‘மறையும் செய்திகள்’ வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதிகபட்சம் 90 நாளில் இதெல்லாம் அழிந்துவிடும். முதலில் அதை அணையுங்கள்.

“ஒருநாள் எல்லாரும் மீட் பண்ணலாம்” என்பது நடக்காது. தேதியைத் தொழிலோடு ஒட்டிப் பாருங்கள். மாதாந்திரக்காரர்களுக்கு 11-ஆம் தேதி GSTR-1, 20-ஆம் தேதி GSTR-3B. காலாண்டு 3B தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி. இந்த நாட்களில் கூப்பிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். மாதக் கடைசி ஞாயிறு என்று வைத்தால் இந்தக் கெடு எல்லாம் முடிந்திருக்கும். ஆண்டுக்கணக்கு நெருக்கும் மார்ச், டிசம்பரை விட்டுவிடலாம். நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

கணக்கு வேலையை விட்டுவிட்டு அப்பாவின் ஹார்ட்வேர் கடையில் உட்கார்ந்துவிட்டவரைக் குரூப்பிலிருந்து நீக்குகிறார்களே, அது சுத்த அசட்டுத்தனம். அந்தக் கடைக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் ரிட்டர்ன் போட ஆள் வேண்டும்.