சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஃபைலும் படமும் போகவில்லையா? யூஎஸ்பி-சி கேபிளைச் சோதிக்கும் முறை

ஐபோன் 15-ஐ அதன் பெட்டியில் வந்த கேபிளாலேயே ஒரு யூஎஸ்பி-சி மானிட்டரில் செருகுங்கள். மானிட்டர் மின்சாரம் தரும் வகையாக இருந்தால் போனில் சார்ஜ் ஏறும் குறி வந்துவிடும். மானிட்டரோ "சிக்னல் இல்லை" என்று கறுப்பாகவே நிற்கும். போனில் பழுதில்லை, அந்த போன் 4கே வரை படம் அனுப்பக்கூடியது. மானிட்டரிலும் பழுதில்லை. படம் போவதற்கான கம்பிகளே அந்தக் கேபிளுக்குள் கிடையாது. அது சார்ஜுக்கும் மெதுவான டேட்டாவுக்கும் செய்யப்பட்ட கேபிள்.

யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்குத்தான் பெயர். உள்ளே எத்தனை கம்பி ஓடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஆகவே சோதனைக்கு முன் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வோம்.

உள்ளே மூன்று வகைக் கம்பிகள்

முதல் வகை, சார்ஜுக்கானவை: மின்சாரம் வரும் கம்பி, திரும்பும் கிரவுண்ட் கம்பி, இவற்றோடு சிசி என்ற மெல்லிய கம்பி. போனுக்குள் இந்த சிசி பின்னில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். மறுமுனையில் ஒரு போன் வந்திருக்கிறது என்று சார்ஜர் அதை வைத்தே கண்டுகொண்டு 5 வோல்ட்டைத் திறந்துவிடும். 9 வோல்ட், 20 வோல்ட் என்று கேட்டுவாங்கும் பேச்சும் இதே கம்பியில்தான் நடக்கிறது. சார்ஜ் ஏற இவ்வளவு போதும். டேட்டா கம்பி ஒன்றுகூட வேண்டாம்.

இரண்டாம் வகை, டி பிளஸ், டி மைனஸ் என்ற ஒரு ஜோடி. இது யூஎஸ்பி 2.0 டேட்டா. வினாடிக்கு 480 மெகாபிட் என்று சொல்வார்கள். ஃபைல் நகலெடுக்கும்போது கையில் கிடைப்பது 40 மெகாபைட்டுக்குள்தான். சிறு விளக்கு, டிரிம்மர் போன்றவற்றோடு வரும் சில மலிவான கேபிள்களில் இந்த ஜோடியையும் விட்டுவிடுகிறார்கள். யூஎஸ்பி விதிப்படி அது தவறு, ஆனாலும் சந்தையில் கிடைக்கிறது.

மூன்றாம் வகை, அதிவேக ஜோடிகள் நான்கு. 5 அல்லது 10 கிகாபிட் டேட்டா இவற்றில்தான் போகும். மானிட்டருக்கான டிஸ்பிளேபோர்ட் படமும் இதே ஜோடிகளைத்தான் எடுத்துக்கொள்ளும். இந்த எட்டுக் கம்பிகளுக்கும் தனித்தனி உறை வேண்டும், செம்பு கூடும், கேபிள் தடித்து விறைப்பாகும், விலையும் ஏறும். போனோடு வரும் கேபிள்களில் பெரும்பாலும் இவை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

படி 1: போனின் அமைப்பைப் பாருங்கள்

கேபிளைக் குறை சொல்வதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் செருகினால் பல போன்களில் அது சார்ஜ் நிலையிலேயே நிற்கும். பூட்டைத் திறந்து, மேலிருந்து இழுக்கும் அறிவிப்பில் யூஎஸ்பி வரியைத் தொட்டு `File transfer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் `Trust This Computer?` என்று கேட்கும். `Trust` அழுத்தி கடவுக்குறியீடு போடுங்கள். அந்த அறிவிப்பே வரவில்லை, கணினியும் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: முனையைத் திருப்பிச் செருகுங்கள்

இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், ஆனால் நிறையச் சொல்லும். கேபிளின் முனையில் டி பிளஸ், டி மைனஸ் ஜோடி ஒன்றுதான் இருக்கிறது. போனின் போர்ட்டில் அதற்கான பின்கள் மேலும் கீழும் என இரண்டு தொகுதி. திருப்பிச் செருகும்போது கேபிளின் அதே ஜோடி போர்ட்டின் மறுதொகுதியைத் தொடுகிறது. ஆகவே ஒரு பக்கமாகச் செருகினால் டேட்டா போகிறது, திருப்பினால் போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் போர்ட்டில்தான். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடியில் அழுந்திக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல வெளியே எடுங்கள்; ஊசி வேண்டாம், பின் வளைந்துவிடும்.

இரண்டு பக்கமும் டேட்டா இல்லை, அதே போன் வேறு கேபிளில் வேலை செய்கிறது என்றால் முதல் கேபிளில் டேட்டா ஜோடி இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. அதைச் சார்ஜுக்கென்று ஒதுக்கி ஓர் ஒட்டுத்தாள் கட்டிவிடுங்கள்.

படி 3: அதிவேக ஜோடிகள் இருக்கின்றனவா?

இதைப் போனை வைத்துச் சோதிக்கக் கூடாது. ஐபோன் 15 உட்படப் பல போன்களின் டேட்டா வேகமே யூஎஸ்பி 2.0 தான், எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். 10 கிகாபிட் வேகமுள்ள கையடக்க எஸ்எஸ்டி ஒன்றை, சோதிக்க வேண்டிய கேபிளால், கணினியின் வேகமான யூஎஸ்பி-சி போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். இடையில் ஹப் வேண்டாம். லினக்ஸில் இந்தக் கட்டளை:

```
lsusb -t
```

எஸ்எஸ்டி வரும் வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். `480M` என்றால் கேபிளில் அதிவேக ஜோடிகள் இல்லை, அல்லது இணைப்பு அவற்றைப் பிடிக்க முடியாமல் கீழிறங்கிவிட்டது. `5000M` அல்லது `10000M` என்றால் இருக்கின்றன. மேக்கில் `System Information` திறந்து `USB` பகுதியில் `Speed` வரியைப் பார்க்கலாம். விண்டோஸில் ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்து வேகத்தைக் கவனியுங்கள். 20 ஜிபி ஃபைல் ஒன்று யூஎஸ்பி 2.0-இல் எட்டு நிமிடத்துக்கும் மேல் எடுக்கும். நல்ல எஸ்எஸ்டியும் 10 கிகாபிட் கேபிளும் சேர்ந்தால் அரை நிமிடத்தில் முடியும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால் ஏமாற வழியில்லை.

படி 4: படம்

மூன்றாம் படியில் தோற்ற கேபிளில் மானிட்டருக்குப் படம் போகாது. ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ என்றாலும் அந்த வழியில் டிஸ்பிளேபோர்ட் படம் போகாது. இரு முனையும் சி ஆக இருக்க வேண்டும். ஆனால் கேபிள் தேறியும் படம் வரவில்லையா? அப்போது போனின் விவரப் பட்டியலில் டிஸ்பிளேபோர்ட் வசதி உண்டா என்று பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்காது. மானிட்டரிலும் எல்லா சி போர்ட்டும் படம் வாங்காது. சில, மவுஸ் கீபோர்டு செருகுவதற்கு மட்டும்.

தெளியாவிட்டால், தன் வாலிலேயே கேபிள் பொருத்தப்பட்ட சி-எச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிப் போனில் செருகுங்கள். அதன் வாலில் அதிவேக ஜோடிகள் உண்டு. அதில் படம் வந்தால் போன் சரி. நீங்கள் வைத்திருக்கும் கேபிளோ மானிட்டரின் போர்ட்டோதான் காரணம்.

வாங்கும்போது

வாட் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. 100 வாட், 240 வாட் என்பது அவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று மட்டுமே பொருள். அதைத் தெரிவிக்க முனைக்குள் ஒரு சிறு சிப்பும் இருக்கும். ஆனாலும் டேட்டா யூஎஸ்பி 2.0 ஆக இருக்கலாம். ஆப்பிளின் 240 வாட் சார்ஜ் கேபிளே அப்படித்தான்.

உறையில் 10, 20 அல்லது 40 ஜிபிபிஎஸ், அதாவது வினாடிக்கு அத்தனை கிகாபிட், என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். வேகம் எழுதாத கேபிளை யூஎஸ்பி 2.0 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தையும் பாருங்கள்: உள்ளே கூடுதல் மின்னணு இல்லாத சாதாரணக் கேபிளில் 10 கிகாபிட் சுமார் 1 மீட்டர் வரைதான் நம்பிக்கையாகப் போகும். மெல்லியதாக, 3 மீட்டர் நீளத்தில், மலிவாகக் கிடைத்தால் அது சார்ஜுக்கான கேபிள்தான். கட்டிலருகே வைத்துக்கொள்ள அதுவே வசதி. மானிட்டருக்குக் குட்டையான தடித்த கேபிளாக வாங்குங்கள்.