ஃபிளாஷ்கார்டு போடும்போது 'கடினம்' என்று எதைச் சொல்கிறோம்?

அடர்த்தியான ஒரு பாடப் பத்தியைக் கேள்வி பதில் கார்டுகளாக உடைத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு, பதில் நீளமாக இருந்தால் அதைக் கடினம் என்று குறித்துவிடுவது. இந்த ஒன்று இருந்தாலே மொத்தப் பிரிப்பும் பயனில்லாமல் போகும்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். நரம்பு செல் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் சுமார் -70 மில்லிவோல்ட். தூண்டுதலால் அது -55 அளவுக்கு வந்தால் சோடியம் கால்வாய்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் +30 வரை ஏறுகிறது. பிறகு அந்தக் கால்வாய்கள் செயலிழக்கின்றன, பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, மின்னழுத்தம் திரும்ப இறங்குகிறது.

இதற்குப் பலர் போடும் கார்டு: "செயல்நிலை மின்னழுத்தம் உருவாவதை விளக்குக." பின்பக்கத்தில் பத்தி அப்படியே இருக்கும், மூலையில் 'கடினம்'. உண்மையில் இது ஐந்தாறு எளிய கார்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. படிக்கும்போதே அது தெரிந்துவிடும்: சோடியம் நினைவுக்கு வரும், -55 வராது. இப்போது சரி என்று போடுவதா, தப்பு என்று போடுவதா? அப்படி ஒரு குழப்பம் வந்தாலே கார்டை உடைக்க வேண்டும் என்று அர்த்தம். உடைக்காமல் விட்டால், தெரிந்த நான்கு விஷயங்களையும் தெரியாத ஒன்றுக்காகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருப்போம்.

கடினம் என்பதை மூளை என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் நிலையில் ஒரே ஒரு தகவலை நினைவுகூர்ந்தால் போதும்: "ஓய்வில் உட்புற மின்னழுத்தம் எவ்வளவு?", "முதலில் திறப்பது எந்தக் கால்வாய்?" இரண்டாம் நிலையில் காரணம் சொல்ல வேண்டும்: "கால்வாய் திறந்ததும் சோடியம் ஏன் வெளியே போகாமல் உள்ளே வருகிறது?" வெளியே அதன் செறிவு அதிகம், உள்ளே எதிர்மின் தன்மை, இரண்டுமே அதை உள்ளே இழுக்கின்றன. மூன்றாம் நிலையில் பத்தியில் இல்லாத ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். உதாரணமாக, டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு சோடியம் கால்வாய்களை அடைத்துவிடுகிறது, அப்போது என்ன ஆகும்? தூண்டினாலும் அந்தத் திடீர் ஏற்றம் வராது, ஆனால் ஓய்வுநிலை மின்னழுத்தம் பெரிதாக மாறாது, ஏனென்றால் அதற்கு முக்கியக் காரணம் பொட்டாசியம் கசிவுதான். பதில் இரண்டே வரி, ஆனால் இந்தப் பத்தியிலிருந்து எடுக்கக்கூடிய கார்டுகளில் கடினமானது இதுதான்.

மூன்றாம் நிலைக்குப் பத்திக்கு ஒன்றிரண்டு போதும். முதல் இரண்டு நிலைக் கார்டுகள் நன்றாகப் பதிந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். இல்லையென்றால் யோசிக்கத் தெரியாமல் தப்பானதா, -55 ஞாபகம் இல்லாமல் தப்பானதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம், கேள்வியே பதிலைக் காட்டிக்கொடுக்கும் கார்டுகள். "-55-ல் திறக்கும் சோடியம் கால்வாய் எந்த அயனியை உள்ளே விடுகிறது?" என்று கேட்டால் யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளும் ஏறக்குறைய இதே வகைதான், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகிவிடும். இவையெல்லாம் எளிது என்ற பிரிவில் சேர்ந்து, பாடம் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையை மட்டும் வளர்க்கும். பத்தியை முழுதாகப் படித்து முடிக்கும் முன்பே வரிக்கு ஒரு கார்டு என்று எழுதினால்தான் இவை அதிகம் வரும், அதனால் முதல் வாசிப்பில் கார்டு எழுதவே வேண்டாம்.

ஆங்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. பதில் மறந்துபோனால் Hard பொத்தானை அழுத்தும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. Hard என்றால் சிரமப்பட்டாவது பதில் வந்தது என்று செயலி எடுத்துக்கொள்ளும், மறந்துபோனதற்கு Again மட்டும்தான். மாற்றி அழுத்தினால் தெரியாத கார்டு தெரிந்ததாகக் கணக்காகி, அது அடுத்து வருவதற்கான இடைவெளி தவறாக நீளும். நீங்கள் எழுதும்போது குறித்த நிலையும் இந்தப் பொத்தானும் வேறு வேறு: மூன்றாம் நிலைக் கார்டுக்குச் சட்டென்று பதில் வந்தால் தயங்காமல் Good அழுத்துங்கள். முதல் நிலைக் கார்டு ஒன்று திரும்பத் திரும்ப Again வாங்கினால், ஆங்கி வழக்கமான அமைப்பில் எட்டாவது மறதியில் அதற்கு leech என்று பெயர் வைத்துவிடும். அதை அப்படியே மீண்டும் ஓட விடாமல், பத்திக்குத் திரும்பிப் போய்க் கேள்வியைப் புதிதாக எழுதுங்கள்.