ஒன்பது மணிக்கு எத்தனை பேர் வேண்டும்? கோல் சென்டர் ஷிப்டைக் கணக்கிடும் முறை

ஹட்டனில் ஒரு சிறிய கோல் சென்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தமிழில் பேசும் வாடிக்கையாளர்களுக்கானது. காலை 8 முதல் இரவு 7 வரை இயங்குகிறது. மொத்தம் 13 பேர்: எட்டுப் பேர் 8 முதல் 5 வரை, ஐந்து பேர் 10 முதல் 7 வரை. ஆட்கள் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை 9 மணிக்கு லைன் நிரம்பிவிடுகிறது. ஏன் என்று ஒரு ஷீட்டில் கண்டுபிடிக்கலாம்.

முதலில் மணிவாரியாகக் கோல் எண்ணிக்கையை எடுங்கள். போயா, தீபாவளி போன்ற விடுமுறை நாட்களை விட்டுவிட்டு, நான்கைந்து வாரங்களின் ஒரே கிழமையைச் சராசரி பாருங்கள். எடுத்த கோல்களை மட்டும் எண்ணக்கூடாது. காத்திருந்து பாதியில் வைத்துவிட்டவர்களையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் குறைவாக இருந்த மணியில் கோலும் குறைவாகவே தெரியும், அந்தக் குறை அப்படியே அடுத்த மாதத் திட்டத்துக்குள்ளும் போய்விடும்.

அடுத்தது, ஒரு கோலுக்கு ஆகும் நேரம். பேசும் நேரத்தோடு ஹோல்டில் வைத்த நேரமும், போனை வைத்த பிறகு விவரம் பதியும் நேரமும் சேர வேண்டும். நம் உதாரணத்தில் மொத்தம் 300 விநாடி.

சரி, இப்போது ஷீட். A-யில் மணி, B-யில் கோல்கள், C-யில் ஒரு கோலுக்கான விநாடிகள், G-யில் அந்த மணிக்கு ஷிப்டில் இருப்பவர்கள். மற்றவற்றுக்கு:

```
D2: =B2*C2/3600
E2: =ROUNDUP(D2+SQRT(D2),0)
F2: =ROUNDUP(E2/(1-0.2),0)
H2: =G2-F2
```

9 மணிக்கு 72 கோல்கள். D-யில் 6 வரும். கோல்கள் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வரிசையாக வந்தால் ஆறு பேரே சமாளித்துவிடுவார்கள். ஆனால் ஒரு நிமிடம் யாரும் அழைக்கமாட்டார்கள், அடுத்த நிமிடம் நான்கு பேர் ஒன்றாக அழைப்பார்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் 6-இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, மேல்நோக்கி முழு எண்ணாக்குகிறோம். 9 பேர் வருகிறது. ஒன்பது பேர் போனில் இருந்தால் பத்தில் எட்டுக் கோல்களுக்கு மேல் 20 விநாடிக்குள் எடுக்கப்படும். டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டாலும் இதே 9தான் வரும். வர்க்கமூலம் ஒரு குறுக்குவழி என்பதை மறக்கவேண்டாம். 48 கோல் வரும் மணியில் அது 6 பேர் என்கிறது, எர்லாங் சூத்திரமோ 7 கேட்கிறது. பழகியபின் அந்தச் சூத்திரத்தில் இயங்கும் ‘எர்லாங் சி’ கணிப்பானுக்கு மாறிவிடுங்கள்.

F-இல் உள்ள 0.2 தேத்தண்ணி, பயிற்சி, மேற்பார்வையாளரோடு பேச்சு என்று போனைவிட்டு விலகியிருக்கும் நேரம். இங்கே பலர் 9-ஐ 1.2-ஆல் பெருக்கி 11 என்கிறார்கள். 0.8-ஆல் வகுக்க வேண்டும், அப்போதுதான் 12 வரும். 11 பேரில் ஐந்தில் ஒரு பங்கு விலகினால் ஒன்பது பேர் மிஞ்சமாட்டார்கள்.

இப்போது H-ஐப் பாருங்கள். 9 மணிக்கு ஷிப்டில் எட்டுப் பேர், தேவை 12. நான்கு குறைவு. அந்த எட்டிலும் போனில் இருப்பது சராசரியாக ஆறு பேருக்குச் சற்று மேல். வேலையும் ஆறு பேருக்கானது என்பதால் ஒருமுறை சேர்ந்த வரிசை எளிதில் கரையாது. 12 மணிக்கு இன்னொரு பள்ளம்: 48 கோலுக்கு 8 பேர் வேண்டும், ஆனால் முதல் ஷிப்ட் முழுவதும் சாப்பிடப் போவதால் இருப்பது ஐந்து. முழு நாளையும் கூட்டினால் தேவை 79 ஆள்-மணி, இருப்பது 104. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பள்ளங்கள் தெரியவே தெரியாது.

திருத்தம் இப்படி. 10 மணிக்கு வரும் ஐவரில் இருவரை 9 முதல் 6 வரை மாற்றலாம். மூவரையோ நான்கு பேரையோ மாற்ற முடியாது, ஏனென்றால் மாலை 6-க்குப் பிறகு 12 கோலுக்கு மூன்று பேர் தேவை. அந்த மூவர் டவுனிலேயே இருப்பவர்களாக இருக்கட்டும். நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் போகிறவர்களுக்கு இரவு 7-க்குப் பிறகு பஸ் பிடிப்பது சிரமம். ஷீட்டில் வராத இந்த விஷயத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

9 மணிக்கு இப்போது 10 பேர், இன்னும் இரண்டு குறைகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சியும் கூட்டமும் வைக்காதீர்கள், தேத்தண்ணியை 10 மணிக்குத் தள்ளுங்கள். விலகல் 0.1 ஆகக் குறைந்தால் 9-ஐ 0.9-ஆல் வகுக்க 10 போதும். அப்புறம் சாப்பாட்டு நேரம்: முதல் ஷிப்டில் நால்வர் 12-க்கும் நால்வர் 1-க்கும் போனால் 12 மணிக்கு ஒன்பது பேர் இருப்பார்கள், பள்ளம் மறைந்துவிடும்.

இரண்டு வாரம் ஓடியதும் 9 மணிக் கோல்களை மறுபடி எண்ணுங்கள். லைன் கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை அழைத்தவர்கள் இப்போது ஒரே தடவையில் பேசிவிடுவதால் 72 குறைந்திருக்கலாம். குறைந்திருந்தால் 9 மணி வரியில் B-யை மாற்றிவிட்டு F-ஐத் திரும்பப் பாருங்கள்.