ஓவியப் புகைப்படத்தைப் பார்த்துப் பாணியும் காலமும் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஓவியத்தின் புகைப்படத்தைக் காட்டி "இது எந்தப் பாணி, எந்தக் காலம்?" என்று கேட்டால், புதிதாகப் பழகுகிறவர்கள் பத்து நொடிக்குள் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் பழகிய நாட்களில் செய்த அதே தவறுகளை என் மாணவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மங்கலான படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இணையத்தில் முதலில் கண்ணில் படும் பெயரை நம்பக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியங்களையே எடுத்துக்கொள்கிறேன். குழப்பம் அங்கேதான் அதிகம்.

தூரிகைத் தீற்றல் தெரிந்தாலே இம்ப்ரெஷனிசம் என்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மோனே, ரெனுவா போன்ற ஓவியர்கள் பிரான்சில், வெளிச்சத்தைத் தனித்தனித் தீற்றல்களால் காட்டிய பாணிதான் இம்ப்ரெஷனிசம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். வண்ணம் வழவழப்பாக இல்லாமல், தூரிகை போன தடம் தடமாகத் தெரிகிறது. உடனே "இம்ப்ரெஷனிசம், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி" என்று எழுதிவிடுகிறார்கள். அது வரலாற்றை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் தள்ளிப் போடுகிற பிழை.

தீற்றலை மறைக்காமல் விடுவது இம்ப்ரெஷனிஸ்டுகள் கண்டுபிடித்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் ஓவியர் டிஷியன் தன் முதுமைக் காலத்தில் அப்படித்தான் வரைந்தார். ஸ்பெயினின் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் சின்ன இளவரசியின் உடையை அருகே போய்ப் பார்த்தால், துணி கலைந்து வெறும் வண்ண இழுப்புகள்தான் மிஞ்சும். எல்லோரையும்விட அதிகமாக மாணவர்களை ஏமாற்றுகிறவர் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் வாழ்ந்த ஃபிரான்ஸ் ஹால்ஸ். அவர் இறந்தது 1666இல். இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி பாரிஸில் நடந்தது 1874இல்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் ஹால்ஸின் 'மகிழ்ச்சியான குடிகாரன்' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 1628–30 வாக்கில் வரைந்தது. அகலத் தொப்பியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒருவர், ஒரு கையை உயர்த்தி ஏதோ சொல்கிறார். மறு கையில் மதுக்கிண்ணம். வகுப்பில் அந்தக் கையையும் கழுத்துப்பட்டையையும் மட்டும் வெட்டிக் காட்டினால் பாதிப் பேர் "ரெனுவா" என்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, தீற்றல் எங்கெங்கே இருக்கிறது என்பதை. ஹால்ஸ் முகத்தின் உருவத்தை ஒளி, இடைநிழல், நிழல் என்று கட்டிவிட்டு, அதன்மேல் மூக்கு நுனி, கன்னம், விரல் முட்டி, லேஸ் விளிம்பு ஆகிய இடங்களில்தான் தனித் தீற்றல்களை வைக்கிறார். பின்னணி மெல்லிய பூச்சாக அமைதியாகக் கிடக்கும். மோனேயிடமும் 1870களின் ரெனுவாவிடமும் அப்படி இருக்காது. முகம், உடை, புல், சுவர் எல்லாவற்றிலும் தீற்றல் ஒரே மாதிரி துடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து நிழல். தொப்பியின் கீழும் தாடைக்கு அடியிலும் என்ன நிறம் என்று பாருங்கள். ஹால்ஸிடம் அது கதகதப்பான பழுப்பு. ரெனுவா 1876இல் வரைந்த 'ஊஞ்சல்' ஓவியத்தில் மரத்தடி மண்ணிலும் பெண்ணின் வெள்ளை உடையிலும் விழும் நிழல் நீலமும் ஊதாவுமாக இருக்கிறது. திறந்த வெளியில் நிழலுக்கும் வானத்தின் நிறம் உண்டு என்பதை இம்ப்ரெஷனிஸ்டுகள் வண்ணத்திலேயே காட்டினார்கள். ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் நிழலைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது, இரண்டு தீற்றல்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது எது என்பது. 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பெரும்பாலும் பழுப்போ சாம்பலோ கலந்த அடிப்பூச்சின்மேல் வரைந்தார்கள். இடைவெளியில் அந்த மங்கலான நிறம் தெரியும். இம்ப்ரெஷனிஸ்டுகள் பெரும்பாலும் கடையில் வாங்கிய, வெள்ளையோ பால் நிறமோ பூசிய கித்தானைப் பயன்படுத்தினார்கள். இடைவெளி வெளிச்சமாக இருக்கும்.

நான்காவது, தீற்றலின் முனை. தூரிகை மயிரை உலோகப் பட்டையால் இறுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகுதான் தட்டைத் தூரிகை எல்லோர் கைக்கும் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் உருண்டைத் தூரிகைதான். ஆகவே சதுர முனையோடு, சின்னச் சின்னக் கட்டிகளாக வைத்த தீற்றல்கள் வரிசையாகத் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையது என்று சந்தேகிக்கலாம். படம் போதுமான அளவு தெளிவாக இருந்தால் மட்டுமே இதைச் சொல்ல முடியும்.

இந்த நான்கும் ஒரே திசையைக் காட்டினால் சரி, சொல்லிவிடலாம். ஒன்றோடொன்று முரண்பட்டால்தான் அவசரப்படவே கூடாது, ஏனென்றால் நடுவில் ஹால்ஸைப் பார்த்துப் பழகிய ஒரு 19ஆம் நூற்றாண்டுத் தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த ஹால்ஸை, 1868இல் தோரே-பியூர்ஜே என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதிய கட்டுரைகள் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மறு ஆண்டே பிரெஞ்சு ஓவியர் கூர்பே, ஹால்ஸின் 'மாலே பாபே' ஓவியத்தைப் பார்த்து அப்படியே ஒரு நகல் வரைந்தார். மூலம் பெர்லினிலும் நகல் ஹாம்பர்கிலும் இருக்கின்றன. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மனே 1872இல் ஹாலந்து போய் வந்து, கையில் பீரும் வாயில் புகைக்குழாயுமாக ஒரு மனிதரை வரைந்து 1873இல் காட்சிக்கு வைத்தார். அதில் கறுப்பும் பழுப்பும் தாராளம். நிழலை மட்டும் பார்த்தால் அதை 17ஆம் நூற்றாண்டு என்றுதான் சொல்லத் தோன்றும். இந்த மாதிரிப் படங்களில் உடையும் பொருளும்தான் கைகொடுக்கும். அமெரிக்க ஓவியர் சார்ஜென்டும் 1880இல் ஹார்லெமுக்குப் போய் ஹால்ஸைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்தான்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், பழைய பொருள் வாங்கி விற்கிறவர், ஒரு முதியவரின் உருவப்படத்தைக் கணிசமான விலைக்கு வாங்கினார். வெறும் புகைப்படத்தை வைத்து "பிரெஞ்சு இம்ப்ரெஷனிசம், 1880களாக இருக்கலாம்" என்று ஓர் இளைஞர் எழுதிக்கொடுத்த குறிப்புதான் அவருக்கு ஆதாரம். பணம் கைமாறிய பிறகு எனக்கு அதே படத்தை அனுப்பினார். நிழல் முழுக்கப் பழுப்பு, பின்னணி தட்டையான கரும்பழுப்பு, ஆளின் கழுத்தில் பழைய டச்சுப் பாணி மடிப்புப் பட்டை. கித்தானின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இயந்திரத்தில் நெய்த சீரான துணி, ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள் பின். ஹால்ஸ் காலத்து ஓவியம் ஒன்றைப் பார்த்து 20ஆம் நூற்றாண்டில் யாரோ பயிற்சிக்காக எடுத்த நகல். இம்ப்ரெஷனிசத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பணம் திரும்பி வரவில்லை. குறிப்பு எழுதியவர் அந்த நிழலை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

புகைப்படத்தின் நிறத்தை ஓவியத்தின் நிறம் என்று நம்புவது

நிழலின் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். அதற்கு முன், அந்த நிறம் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். நிறத்தைக் கெடுக்கிறவை மூன்று: அறையின் மஞ்சள் விளக்கு, பழுத்துப்போன வார்னிஷ், காலப்போக்கில் வெளிறிய வண்ணம்.

வார்னிஷ் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ரெம்ப்ரான்ட் 1642இல் வரைந்த படைவீரர் குழு ஓவியமே சாட்சி. வார்னிஷும் அழுக்கும் சேர்ந்து கருத்துப்போனதால் அதை இரவுக் காட்சி என்று நினைத்து 'இரவுக் காவல்' என்று பெயரிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு சுத்தம் செய்தபோது அது பகல் வெளிச்சம் என்று தெளிவாகத் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அதனால் படத்தில் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டிய ஒன்றைத் தேடுங்கள். லேஸ் கழுத்துப்பட்டை, முத்து, மேசை விரிப்பு, இப்படி ஏதாவது. அது தேன் நிறத்தில் இருந்தால் மற்ற நிறங்களும் அதே அளவு மஞ்சளாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகத் தெரியும் வானம் உண்மையில் நீலமாக இருக்கும். மஞ்சள் விளக்கினாலா, வார்னிஷினாலா என்று பிரிக்க வேண்டுமா? சட்டகமும் சுவரும் சேர்ந்து தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு படம் கேளுங்கள். சுவர் வெள்ளையாகி, ஓவியம் மட்டும் மஞ்சளாகவே இருந்தால் அது வார்னிஷ்.

வெளிறுவது எதிர்த்திசையில் ஏமாற்றும். ரெனுவா 1883இல் வரைந்த மதாம் கிளாப்பிசோன் உருவப்படம் சிகாகோவில் இருக்கிறது. அதன் பின்னணி பார்வைக்குக் குளிர்ந்த, சோகையான நிறம். சட்டகத்தை எடுத்தபோது, வெளிச்சம் படாத விளிம்பில் பளீரென்ற சிவப்பு இருந்தது. அப்புறம்தான் முழுப் பின்னணியும் ஒரு காலத்தில் அந்தச் சிவப்பில் இருந்தது தெரிந்தது. எனவே முடிந்தால் சட்டகம் மறைக்கும் விளிம்பின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

காட்சியின் காலத்தை ஓவியத்தின் காலம் என்பது

ரோமானிய விருந்து வரைந்திருந்தால் ஓவியர் ரோமானியர் இல்லை. ஓவியர் அல்மா-ததேமா 'ஹீலியோகபாலஸின் ரோஜாக்கள்' ஓவியத்தை லண்டனில் 1888இல் வரைந்தார். அதில் இருப்பது 3ஆம் நூற்றாண்டின் பேரரசர். ஓவியத்தில் இருக்கும் உடை, கருவி, கட்டடம் எல்லாம் "இதற்கு முன் இல்லை" என்ற எல்லையை மட்டும் தரும். அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் அதை வரைந்திருக்கலாம். ஆளின் உடை ஒரு காலத்தையும் தீற்றலும் நிழலும் இன்னொரு காலத்தையும் சொன்னால், பிந்தைய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திலிருந்து தொடங்குவது

வேண்டாம். கடைசியில் பாருங்கள்.

வெட்டப்பட்ட படம்

அனுப்பியவரை முழுப் படத்தையும், நான்கு விளிம்பும் தெரிய, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

அச்சுப் படத்தை ஓவியம் என்பது

நம் வீடுகளில் இருந்து வரும் புகைப்படங்களில் இதுதான் அதிகம். ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய தெய்வப் படங்கள் கல்லச்சில் ஏராளமாகப் பரவின. சிலவற்றில் வார்னிஷும் பூசியிருப்பார்கள், பளபளப்பு எண்ணெய் வண்ணம் போலவே இருக்கும். முகத்தின் நிழல் பகுதியை மிக அருகில் படமெடுக்கச் சொல்லுங்கள். நிறம் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படத்தில் வண்ணத்தின் மேடு பள்ளம் துளியும் தெரியாவிட்டாலும் அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சில பிரதிகளில் அச்சின்மேல் சரிகையும் மணியும் ஒட்டியிருப்பார்கள். அந்த மேட்டைத் தூரிகையின் மேடு என்று எடுத்துக்கொள்ளாமல், உடையை விட்டு முகத்தில் மட்டும் பாருங்கள்.