நனைந்த சரக்குக்குத் தனிக் கணக்கு

நாகர்கோவில் பக்கம் ஒரு கயிற்று மிதியடிக் கடையின் மார்ச் 31 இருப்பு இது. மிதியடிகள் 200, அடக்க விலை தலா ₹120. அதில் 60 கூரை ஒழுகி நனைந்து பூசணம் பிடித்தவை. கையில் எடுத்தாலே மூக்கில் ஏறும் வாடை!

ஒரு வியாபாரி அந்த 60-ஐ தலா ₹90-க்குக் கேட்கிறார். துடைத்துக் காயவைக்க ₹12, வண்டிக் கூலி ₹8 போக நிற்பது ₹70. இதுதான் நிகர விற்பனை மதிப்பு. அடக்கத்தைவிட ₹50 குறைவு. 60-க்கும் ₹3,000 நட்டம். அதை இந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். நல்ல 140-ஐ ₹160-க்கு விற்கலாம் என்றாலும் ₹120-லேயே வையுங்கள். ஆக இருப்பு ₹16,800 + ₹4,200 = ₹21,000.

பலர் சறுக்குவது எங்கே என்றால், மொத்தமாகப் பார்ப்பதில். 200-க்கும் சேர்த்து நிகர விற்பனை மதிப்பு ₹26,600, அடக்கம் ₹24,000. சரி, நட்டமே இல்லை என்று தோன்றும். நல்ல சரக்கின் வராத லாபம் கெட்டதன் நட்டத்தை மறைத்துவிடுகிறது. அதனால்தான் பொருள்வாரியாக ஒப்பிடச் சொல்கிறது கணக்கியல் தரநிலை 2.

அப்புறம், தேங்கிய சரக்கு. ஓராண்டு ஆனதென்று கண்ணை மூடிக்கொண்டு பாதியாகக் குறைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏப்ரல், மே மாத விற்பனை பில்லைப் புரட்டுங்கள். மார்ச் 31-இல் அது என்ன விலை பெறும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த பில்களையும் வியாபாரி கேட்ட விலையையும் கோப்பில் வைத்திருங்கள், தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.